பில் எண் விடுபட்டால் திருட்டா?

கேள்வி: பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கவுண்டர், இரண்டு கொம்பியூட்டர், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். பில் போடுவது பெரும்பாலும் என் அக்காவின் மகன். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் கடையில் இருப்பதில்லை. ஸ்டோர்ஸிலிருந்து பொருள் வெளியே போவதென்றால் பில் எண் எழுதின சீட்டோடுதான் போகும்.

போன மாத பில்களை எக்ஸலில் எடுத்துப் பார்த்தேன். 4181 இல் தொடங்கி 4612 இல் முடிகிறது. 431 பில் இருக்கவேண்டும், 422 தான் இருக்கிறது. ஒன்பது பில்லை மருமகன் அழித்துவிட்டான் என்றே நினைக்கிறேன். மாத நடுவில் பிரின்டர் பழுதாகி ஆள் வந்து திருத்தினதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதற்கு முந்தைய மூன்று மாதமும் ஓர் எண்கூட விடுபடவில்லை, ஆகவே அவை சரி. எங்களுக்கு வற் பதிவு இருக்கிறது. விடுபட்ட எண்களுக்குச் சின்னச் சின்ன காசு பில் போட்டு நிரப்பிவிடலாம் என்கிறார் கணக்கு எழுதுபவர். பொலிஸுக்குப் போவதா, பையனை வீட்டுக்கு அனுப்புவதா? அக்காவிடம் எதைச் சொல்வது? பில் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– கொழும்பு 12 வாசகர்

பதில்: யாரை என்ன செய்வது என்பதற்கு முன்னால் எண்ணிக்கையைச் சரி செய்வோம். 4612 இலிருந்து 4181 ஐக் கழித்தால் 431 வரும்தான். ஆனால் தொடக்க பில்லும் ஒரு பில் அல்லவா, ஆகவே ஒன்றைக் கூட்டி 432 என்று எடுக்கவேண்டும். அடுத்தது, பட்டியலில் 422 வரி இருப்பதால் 422 எண் இருக்கிறது என்று ஆகாது. 4344 இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரே நாள், ஒரு நிமிட வித்தியாசம், வேறு வேறு வாடிக்கையாளர். அப்படியென்றால் உண்மையில் இருப்பது 421 எண். விடுபட்டது ஒன்பது அல்ல, பதினொன்று.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வெறுமனே கழித்துப் பார்க்கும் முறையில் ஒரு பில் காணாமற்போய் இன்னொன்று இரட்டித்தால் கணக்கு நேராக நிற்கும், நீங்களும் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அதனால் எத்தனை என்று கேட்காதீர்கள், எவை என்று கேளுங்கள். உங்கள் பட்டியலில் எண் HW-004203 என்ற வடிவில் எழுத்தாக இருக்கிறது. கடைசி ஆறு இலக்கத்தை எண்ணாக்கி, முழுப் பட்டியலையும் B நிரலின்படி வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு மேலுள்ளதைக் கழித்தால் போதும்.

```
B2:  =VALUE(RIGHT(A2,6))
C3:  =B3-B2
```

C நிரலில் 1 வந்தால் வரிசை சரி. 0 வந்தால் அதே எண் இரட்டித்திருக்கிறது. 2 வந்தால் நடுவில் ஒன்று இல்லை, 6 வந்தால் ஐந்து இல்லை. அப்படிப் பார்த்ததில் விடுபட்டவை இவை: 4203, 4237, 4238, 4378, 4402 முதல் 4406 வரை, 4477, 4579.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது?

பில் எண்ணை சொப்ட்வெயார் எந்த வழியில் கொடுக்கிறது என்று தெரியாமல், விடுபட்ட எண்ணுக்கு ஓர் அர்த்தமும் சொல்ல முடியாது. பொதுவாக இரண்டு வழி உண்டு.

ஒன்று, தொடர் எண்ணி முறை. பில்லைத் திறந்ததும் அல்லது சேமிக்கத் தொடங்கியதும் அடுத்த எண் எடுக்கப்பட்டுவிடும். வாடிக்கையாளர் மனம் மாறினாலும், நடுவில் கரண்ட் போனாலும், எடுத்த எண் திரும்பி வராது. இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக இடைவெளி விழுவது சர்வசாதாரணம். மைக்ரோசொஃப்ட்டின் எஸ்.கியூ.எல். சேர்வரில் ஓடும் சில சொப்ட்வெயார்களில், கொம்பியூட்டர் திடீரென்று நின்று மீண்டும் ஓடத் தொடங்கும்போது எண் ஏறக்குறைய ஆயிரம் தாவிவிடுவதும் உண்டு. அதைப் பார்த்து ஆயிரம் பில் களவு போய்விட்டது என்று பதறியவர்கள் இருக்கிறார்கள்.

மற்றது, இருக்கிற பில்களில் பெரிய எண்ணைப் பார்த்து அதோடு ஒன்றைக் கூட்டுவது, அதாவது `MAX(BillNo)+1`. சின்னக் கடைகளுக்கு எழுதப்படும் சொப்ட்வெயார்களில் இது அதிகம். உங்களுடையதும் இதுதான் என்று சந்தேகிக்கிறேன். காரணம் அந்த 4344. இரண்டு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் பில் போட்டால், இரண்டு கொம்பியூட்டரும் "கடைசி எண் 4343" என்று பார்த்து, இரண்டுமே 4344 ஐக் கொடுத்துவிடும். இரட்டித்த எண் பெரும்பாலும் இப்படித்தான் வரும், அதில் களவு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் சொப்ட்வெயாரின் குணத்தை அது காட்டிக்கொடுக்கிறது.

இது சரியென்றால் இரண்டு விஷயம் தானாகவே வந்து விழுகிறது. இந்த முறையில் பாதியில் கைவிட்ட பில் எண்ணைத் தின்னாது. ஆகவே நடுவில் ஓர் எண் இல்லையென்றால், அந்த பில் முறையாகச் சேமிக்கப்பட்டு, அடுத்த பில்லும் போடப்பட்ட பிறகு அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது ரத்தாகி உங்கள் பட்டியலில் காட்டப்படாமல் இருக்கிறது. அந்த மட்டில் உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

இரண்டாவது உங்களுக்குப் பிடிக்காது. கடைசியாகப் போட்ட பில்லை, அடுத்த பில் போடுவதற்கு முன்னால் அழித்தால் இடைவெளியே விழாது. 4500 ஐப் போட்டு, காசை வாங்கி, வாடிக்கையாளர் வாசலைத் தாண்டியதும் அழித்துவிட்டால், சொப்ட்வெயாருக்குக் கடைசி எண் மறுபடியும் 4499. அடுத்து வருபவருக்கு அதே 4500 போகும். வரிசை ஒட்டுப்போட்டதே தெரியாமல் நிற்கும். ஆகவே முந்தைய மூன்று மாதத்தில் எண் விடுபடவில்லை என்பதால் அவை சரி என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். விவரம் தெரிந்த ஆள் செய்தால் இடைவெளி விடமாட்டான். இடைவெளி விழுந்திருப்பது பல நேரம் தெரியாமலோ அவசரத்திலோ செய்ததன் அடையாளம்.

ஊகத்தை உறுதிப்படுத்த சொப்ட்வெயார் ஆளைக் கூப்பிட்டு, டேட்டாவின் ஒரு பிரதியில் (உண்மையான கணக்கில் அல்ல) இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: ஒரு பில்லைத் திறந்து சேமிக்காமல் மூடுவது, அப்புறம் ஒரு பில்லைச் சேமித்து அழிப்பது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அடுத்த பில் என்ன எண்ணில் வருகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

பதினொன்றையும் பிரித்துப் பார்த்தால்

4402 முதல் 4406 வரை ஐந்து எண் சேர்ந்தாற்போல இல்லை. 4401 க்கும் 4407 க்கும் நடுவே முக்கால் மணி நேரம் இருக்கிறது, அது மாத நடுவிலும் வருகிறது. பிரின்டர் திருத்த வந்தவர் போட்டுப் பார்த்து ரத்துச் செய்த, அல்லது 4407 போட்ட பிறகு அழிக்கப்பட்ட பில்களாக இருக்க நல்ல வாய்ப்பு. அவர் தந்த வேலைச் சீட்டில் உள்ள திகதி பொருந்தினால் அதோடு அதை விட்டுவிடலாம்.

4237 உம் 4238 உம் ஒரு வியாழக்கிழமை காலையில், ஏழு நிமிடத்துக்குள் நடந்தவை. வாடிக்கையாளர் பொருளை மாற்றி மாற்றிச் சொன்னால் இப்படி ஆகும். நீங்கள் எடுத்தது விற்பனை ரிப்போர்ட். அதில் ரத்தான பில்கள் பெரும்பாலும் வராது. ரத்தானவற்றுக்கு வேறு ரிப்போர்ட் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இவை இரண்டும் அங்கே இருந்தாலும் இருக்கும். 4203 முதல் வாரத்துச் செவ்வாய், நீங்கள் கடையில் இருந்த நேரம்.

மிஞ்சுவது 4378, 4477, 4579. மூன்றும் தனித்தனி. முன்னும் பின்னும் உள்ள பில்களின் நேரத்தைப் பார்த்தால் மூன்றும் சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில். நான் நேரம் செலவழிப்பதென்றால் இந்த மூன்றில்தான் செலவழிப்பேன். இதைச் சொல்வதால் மருமகன்தான் என்று ஆகிவிடாது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு கவுண்டரிலும் யார் யார் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே பாஸ்வேர்ட் என்பதால் கொம்பியூட்டரும் சொல்லாது.

சீட்டுதான் சொல்லும்

உங்கள் கடையில் நல்ல வழக்கமொன்று இருக்கிறது, அது ஸ்டோர்ஸ் சீட்டு. பில் கொம்பியூட்டரில் அழிந்தாலும் சீட்டுக் கட்டு அழியாது. அந்தக் கட்டிலிருந்து 4378, 4477, 4579 ஆகியவற்றை நீங்களே தேடி எடுங்கள். வேறு ஆளை அனுப்பி எடுக்கவேண்டாம்.

உதாரணத்துக்கு 4378 சீட்டில் பி.வி.சி. குழாய் 40, பெயின்ட் வாளி 3 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைய மற்ற பில்களையும் திங்கட்கிழமை பில்களையும் புரட்டுங்கள். 4381 இல் அதே 40 குழாய், 3 வாளி இருந்தால், பெயரையோ விலையையோ தவறாக அடித்து, அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள். செய்யக்கூடாத பழக்கம், ஆனால் காசு வந்துவிட்டது. 4381 இல் 40 குழாய் இருந்து வாளி ஒன்றுதான் இருந்தால் கதை வேறு: முழு பில்லை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, குறைத்த பில்லைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பில்லுமே இல்லையென்றால், பொருள் போயிருக்கிறது, விற்பனை பதிவில் இல்லை. சீட்டே இல்லையென்றால் பொருள் வெளியே போகாத பில்லாக இருக்கலாம். கவுண்டரிலிருந்தே கொடுக்கும் ஆணி, பல்ப் மாதிரிச் சில்லறைப் பொருளாகவும் இருக்கலாம். அதற்கு மேல் இந்த வழியில் போக முடியாது.

சீட்டோடு இருப்பையும் எண்ணிப் பாருங்கள். பில்லை அழித்தால் பல சொப்ட்வெயார்கள் அந்தப் பொருளைத் தானாகவே இருப்பில் திருப்பிச் சேர்த்துவிடும். ஆகவே கொம்பியூட்டரில் வாளி 17 என்றும் தட்டில் 14 என்றும் இருந்தால், அந்த மூன்று எங்கே என்பதற்கு உங்களிடம் ஒரு சீட்டு இருக்கிறது.

கடைசி பில்லை அழித்து எண்ணைத் திரும்பப் பயன்படுத்தியதையும் இதே சீட்டுதான் பிடிக்கும். அப்படி நடந்திருந்தால் ஒரே எண்ணில் இரண்டு சீட்டு, வேறு வேறு பொருளோடு இருக்கும். முந்தைய மூன்று மாதத்தின் சனிக்கிழமைச் சீட்டுகளை மட்டுமாவது எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 4344 ஐப் போல இரண்டும் கொம்பியூட்டரில் இருந்தால் பரவாயில்லை. ஒன்று மட்டும் இருந்தால் விஷயம் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. இன்றைக்கே டேட்டாவை முழுதாக ஒரு ஹார்ட் டிரைவில் பெக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பழைய பெக்கப் ஏதும் இருந்தால் அதன் மேல் புதியதை எழுதவேண்டாம். அந்தச் சனிக்கிழமை மாலையிலோ, பில் அழிவதற்கு முன்னாலோ எடுத்த பெக்கப் ஒன்று கிடைத்தால், வேறு கொம்பியூட்டரில் அதைத் திறந்து 4378 ஐ அப்படியே பார்க்கலாம். அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

நிரப்பும் யோசனை

கணக்கு எழுதுபவர் சொன்னதைச் செய்யவேண்டாம். இன்றைக்குப் போட்ட பில்லில் போன மாதத் திகதியை எழுதுவது பொய் ஆவணம். களவு நடந்திருந்தால் அதன் தடயத்தையும் உங்கள் கையாலேயே மூடிவிடுகிறீர்கள்.

2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க வற் சட்டம், வரி விலைப்பட்டியலில் தொடரிலக்கம் இருக்கவேண்டும் என்கிறது. விடுபட்ட எண்ணுக்குக் காரணம் எழுதி, ஆதாரத்தோடு கோப்பில் வைத்திருந்தால் இறைவரித் திணைக்களத்தில் யாராவது கேட்டாலும் பதில் சொல்லலாம். 4402 முதல் 4406 வரை என்றால் பிரின்டர் வேலைச் சீட்டின் பிரதியே காரணம். இட்டுக்கட்டின பில்லுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? 4378 ஐ வாங்கியவரும் வற் பதிவுள்ள ஒப்பந்தக்காரர் என்றால், அவர் தன் உள்ளீட்டு வரி அட்டவணையில் உங்கள் பெயர், எண், தொகை எல்லாம் போட்டு ஒன்லைனில் கொடுத்திருப்பார். உங்கள் பக்கத்தில் அந்த எண்ணில் ஐந்நூறு ரூபா காசு விற்பனை நின்றால், இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

சீட்டைப் பார்த்து விற்பனை நடந்தது உறுதியானால், காசு உங்கள் கைக்கு வராவிட்டாலும் அதன் 18 சதவீத வற் உங்கள் பொறுப்புத்தான். உண்மையான தொகையோடு அந்த மாதக் கணக்கையும் வற் விவரத்திரட்டையும் திருத்தவேண்டும்.

மருமகன், அக்கா, பொலிஸ்

இப்போது கையில் இருப்பதை வைத்து பொலிஸுக்குப் போகவேண்டாம். விடுபட்ட மூன்று எண்ணும் ஒரு பொதுப் பாஸ்வேர்டும் ஓர் ஆளைக் காட்டாது. வேலையை விட்டு நிறுத்துவதும் அப்படித்தான். அக்கா மகன் என்றாலும் சம்பளம் வாங்குகிறவர் ஊழியர். நிறுத்தினால் தொழில் நியாயசபைக்குப் போகலாம், அங்கே நிறுத்தியது நியாயம் என்று காட்டவேண்டியது நீங்கள். "அந்த பில்லை அழித்தது இவர்தான் என்று எப்படித் தெரியும்?" என்ற முதல் கேள்வியிலேயே உங்கள் பக்கம் விழுந்துவிடும். இழப்பைச் சம்பளத்தில் பிடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள், கடை ஊழியர் சட்டம் நினைத்தபடி வெட்ட விடாது.

பெக்கப்பும் சீட்டுகளும் கைக்கு வந்த பிறகு, கவுண்டரில் வேலை செய்யும் எல்லாரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "பில்லைப் பிழையாகப் போட்டால் நீ என்ன செய்வாய்?" மருமகன் தயங்காமல் "அழித்துவிட்டு மறுபடி போடுவேன் மாமா" என்று சொன்னால், இத்தனை நாளும் அதைத் தப்பென்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சீட்டு வேறு கதை சொல்லி, பதிலும் பொருந்தாவிட்டால், எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் ஒரு தொழிற்சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அக்காவிடம் இப்போது எதுவும் சொல்லவேண்டாம். "உன் மகன் ஒன்பது பில்லை அழித்துவிட்டான்" என்று போன வாரம் சொல்லியிருந்தால், எண்ணிக்கையும் தப்பு, அதில் ஐந்து பிரின்டர்காரருடையதாகவும் இருந்திருக்கும். அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

இனிமேல்

ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுங்கள். பில்லை அழிக்கும் அனுமதியை எல்லாரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள், உங்களிடமும் வைத்துக்கொள்ளவேண்டாம். ரத்து மட்டும் இருக்கட்டும். ரத்தான பில் தன் எண்ணோடும், யார் எப்போது ரத்துச் செய்தார் என்ற விவரத்தோடும் பட்டியலிலேயே நிற்கவேண்டும். எண் கொடுக்கும் முறையை மாற்றச் சொல்லி சொப்ட்வெயார் ஆளிடம் கேளுங்கள். ஒரு தடவை கொடுத்த எண் திரும்ப வரக்கூடாது, இரண்டு கவுண்டருக்கும் ஒரே எண் போகக்கூடாது. இரண்டு கவுண்டருக்கும் வேறு வேறு முன்னெழுத்து வைத்துத் தனித்தனி வரிசையாக்குவதும் ஒரு வழி. அப்போது இடைவெளி தேடுவதையும் தனித்தனியாகச் செய்யவேண்டும், கலந்து தேடினால் ஒன்றும் விளங்காது.

இரவில் கடை பூட்டும்போது கடைசி பில் எண்ணை ஒரு கொப்பியில் நீங்களே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் யாராவது அந்தக் கடைசி பில்லைப் போனில் படமெடுத்து அனுப்பட்டும். அடுத்த நாள் முதல் பில் அதற்கு அடுத்த எண்ணில் தொடங்கவேண்டும். அதே எண்ணில் தொடங்கினால், நீங்கள் போன பிறகு ஒரு பில் போயிருக்கிறது. மாத எல்லையையும் இப்படியே பாருங்கள்: நீங்கள் அனுப்பிய பட்டியல் 4181 இல் தொடங்குகிறது, அதற்கு முந்தைய மாதம் 4180 இல் முடிந்ததா, இந்த மாதம் 4613 இல் தொடங்கியதா என்று பட்டியலை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்று சனிக்கிழமைச் சீட்டுகளின் படத்தோடு மறுபடி எழுதுங்கள்.